"நடை எப்போ திறக்கும்?" – 74 பேர் கேட்டும் என் காதில் விழாத கேள்வி!

எங்கள் ஊர் ஸ்ரீமுஷ்ணம். விருத்தாசலத்திலிருந்து பஸ் பிடித்து வர வேண்டும். கடலூர் மாவட்டத்துக்காரர்கள் தவிர மற்றவர்களிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால் "அது எங்கே இருக்கு?" என்பார்கள். "விருத்தாசலம் பக்கம்" என்றால், "ஓ, பீங்கான் பொம்மை செய்ற ஊரா?" என்று அடுத்த கேள்வி வரும். அப்பா அந்த விருத்தாசலத்தில்தான் ஒரு சின்னப் பீங்கான் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தார். சூளையிலிருந்து இறக்கிய அகல் விளக்குகளையும் பொம்மைகளையும் தரம் பிரிப்பது அவர் வேலை.

நான் சென்னையில் ஒரு டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். சென்ற வருடம் லீவுக்கு ஊருக்கு வந்தபோது, எங்கள் பூவராக சுவாமி கோயிலைப் பற்றி ஒன்பது நிமிட வீடியோ ஒன்று எடுத்துச் சேனலில் போட்டேன். சொந்த ஊர் ஆயிற்றே, ஆசை ஆசையாக எடுத்தேன். கோபுரம், நாயக்கர் காலத் தூண் சிற்பங்கள், குளம், கோரைக்கிழங்கு பிரசாதம் என்று எதையும் விடவில்லை. நன்றாகவே ஓடியது. கமென்ட்டுகள் ஆயிரத்தைத் தாண்டின. "நமோ நாராயணா", "அருமை மா", "கண்ணில் தண்ணீர் வந்தது" என்றெல்லாம் வரும்போது, பஸ்ஸில் உட்கார்ந்தபடி ஹார்ட் போட்டுக்கொண்டே போவேன்.

ஒருநாள் இரவு இப்படி ஒரு கமென்ட் வந்தது. பெயரைத் தவிர்த்துவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

"உங்க வீடியோ பார்த்துட்டு எண்பது வயசு அம்மாவைக் கூட்டிட்டு வந்தோம். பன்னிரண்டரைக்கு வந்து சேர்ந்தோம். நடை சாத்திட்டாங்க. சாயங்காலம்தான் திறப்பாங்களாம். அம்மாவால அவ்வளவு நேரம் உட்கார முடியாது. வெளியிலேயே கும்பிட்டுட்டுத் திரும்பிட்டோம். வீடியோல ஒரு வரி சொல்லியிருக்கலாமே."

என்னிடம் பதில் இல்லை. உள்ளூர்க்காரிக்கு மதியம் நடை சாத்துவது மூச்சு விடுவது போல. அதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டு, அவர் பெயரைத் தட்டி, அதற்கு முன் ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று பார்த்தேன். மூன்று வாரங்களுக்கு முன்பே கேட்டிருந்தார்: "அம்மாவை வீல்சேரில் கூட்டி வரலாமா? எந்த நேரம் வந்தால் நல்லது?"

அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. ஆனால், வேறொருவர் சொல்லியிருந்தார்: "நாள் முழுக்கத் திறந்திருக்கும், எப்ப வேணும்னாலும் வாங்க." அந்தப் பதிலுக்கு முப்பது லைக்.

அன்றுதான் எல்லாக் கமென்ட்டுகளையும் உட்கார்ந்து படிப்பது என்று முடிவு செய்தேன்.

மேலிருந்து படித்தால் போதாதா?

போதாது. யூடியூபில் கமென்ட் பகுதியைத் திறந்தால், பெரும்பாலும் லைக் அதிகம் வாங்கியவைதான் மேலே நிற்கும். லைக் வாங்குவது பாராட்டும் நகைச்சுவையும்தான். "டைமிங் ப்ளீஸ்" என்ற இரண்டு வார்த்தைக்கு யார் லைக் போடுவார்கள்? அவை அடியில் கிடக்கும். அதனால், மேலோட்டமாகப் பார்க்கும்போது 'எல்லோருக்கும் பிடித்திருக்கிறது' என்ற எண்ணம்தான் வரும்.

சேனல் வைத்திருப்பவர்களுக்கான YouTube Studio பக்கத்தில், கேள்வி உள்ள கமென்ட்டுகளை மட்டும் காட்டும் வடிகட்டி ஒன்று உண்டு. முதலில் அதைத்தான் நம்பினேன். நம் ஆட்களிடம் அது பாதிக் கிணறுதான் தாண்டியது. காரணம், நாம் கேள்விக்குறி போட்டுக் கேள்வி கேட்பதில்லை. "ரூட் சொல்லுங்க", "டைம் போடுங்க", "அட்ரஸ் ப்ளீஸ்" எல்லாமே கேள்விதான்; ஆனால், இலக்கணப்படி கட்டளை. "எனக்கும் ஒருநாள் வரணும், திருப்பூர்ல இருந்து ரொம்ப தூரம்" என்பதும் கேள்விதான்; ஆனால், பெருமூச்சு போல இருக்கும்.

அலுவலகத்தில் கோடிங் தெரிந்த அண்ணன் ஒருவர், கமென்ட்டுகள் மொத்தத்தையும் யூடியூபின் டேட்டா ஏபிஐ வழியாக ஒரு கூகுள் ஷீட்டில் இறக்கிக் கொடுத்தார். ஒரு முறைக்கு நூறு நூறாக வரும். முதல் தடவை இறக்கியபோது ஒரு தவறு நடந்தது. கமென்ட்டுகள் வந்துவிட்டன, ஆனால், அவற்றின் கீழே மற்றவர்கள் எழுதிய பதில்களில் சில மட்டுமே வந்திருந்தன. பதில்களை முழுதாக வேண்டுமென்றால் தனியாக இன்னொரு முறை இழுக்க வேண்டும். எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், அந்த "நாள் முழுக்கத் திறந்திருக்கும்" பதிலை ஷீட்டில் தேடினேன், காணோம்! எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு கமென்ட் ஷீட்டில் இல்லை என்றால், தெரியாதவை எத்தனை விட்டுப்போயிருக்கும்? அதனால், இப்போதெல்லாம் இறக்கியவுடன் முதல் வேலை, எனக்கு நினைவிருக்கும் ஐந்து கமென்ட்டுகளைத் தேடிப் பார்ப்பது.

Held for review என்ற பகுதியையும் மறக்கக் கூடாது. யூடியூப் சந்தேகப்பட்டு நிறுத்திவைத்த கமென்ட்டுகள் அங்கே இருக்கும். பொதுவில் தெரியாது, சாதாரணமாக இறக்கிய பட்டியலிலும் வராது. "கோரைக்கிழங்கு உருண்டை வேணும், என் நம்பர் இது, கூப்பிடுங்க" என்று போன் நம்பரோடு எழுதிய சிலருடைய கமென்ட்டுகள் அங்கே தூங்கிக்கொண்டிருந்தன.

ஒரே ஊர், ஏழு எழுத்து

எல்லாம் சேர்த்து 1,214 வரிகள். முதல் 200 வரிகளை எந்தத் தேடலும் இல்லாமல் கையால் படித்தேன். இது அப்பா சொன்னது. "சூளையில இருந்து இறக்கினதும் கூடையைக் கொண்டாந்து வச்சுப் பிரிக்க மாட்டோம்மா. முதல்ல நாலு வரிசை எடுத்துப் பாப்போம். இந்தத் தடவ என்னென்ன குறை வந்திருக்குன்னு தெரிஞ்ச பிறகுதான் எத்தனை கூடைன்னு முடிவு பண்ணுவோம்" என்றார். அதேதான் இங்கேயும். நானாகவே 'வரலாறு', 'சிற்பம்' என்று கூடைகள் வைத்திருந்தால் இரண்டும் காலியாகவே இருந்திருக்கும். சிற்பத்தைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை!

200 வரிகளைப் படித்ததும், மக்கள் எந்தெந்தச் சொல்லில் கேட்கிறார்கள் என்பது பிடிபட்டது. பிறகு அந்தச் சொற்களை வைத்து மீதி ஆயிரத்தில் தேடினேன். நடை நேரத்துக்கு நான் போட்ட சூத்திரம் இது:

```
=REGEXMATCH(LOWER(B2),"நேரம்|டைம்|டைமிங்|நடை|tim(e|ing)|neram|nadai|open")
```

B பத்தியில் கமென்ட் இருக்கிறது. இந்தச் சொற்களில் ஏதாவது ஒன்று இருந்தால் TRUE என்று காட்டும். நம் கமென்ட்டுகள் தமிழ், ஆங்கிலம், ஆங்கில எழுத்தில் தமிழ் என்று மூன்று விதமாக வருவதால் மூன்றையும் சேர்க்க வேண்டும்.

சேர்த்தும் சிக்கல் தீரவில்லை. "first time பார்க்கிறேன்" என்ற பாராட்டெல்லாம் நேரக் கூடைக்குள் விழுந்தது. வழி கேட்பவர்களைப் பிடிக்க 'வழி' என்று போட்டேன். 'வழிபாடு' என்று எழுதிய அத்தனை பேரும் வந்து நின்றார்கள். கோயில் வீடியோவில் அது எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்! அதனால், சூத்திரம் TRUE என்று சொன்னதை அப்படியே எண்ணக் கூடாது. அது பொறுக்கிக் கொடுக்கும். படித்துச் சரிபார்ப்பது நம் வேலை. FALSE என்று தள்ளியவற்றிலும் ஐம்பது வரிகளை எடுத்துப் படித்தேன். அதில் "எத்தன மணிக்கு சாத்துவாங்க" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். 'மணி' என்ற சொல் என் பட்டியலில் இல்லை. சேர்த்து மறுபடி ஓட்டினேன்.

ஊர்ப் பெயரைத் தேடியபோது நடந்ததுதான் வேடிக்கை. ஸ்ரீமுஷ்ணம் என்று தேடினால் பாதிதான் வந்தது. கண்ணுக்கு முன்னால் 'ஸ்ரீமுஷ்ணம்' என்றே எழுதியிருக்கும் வரியைக்கூட ஷீட் 'இல்லை' என்றது. விசாரித்ததில் புரிந்தது: கணினியைப் பொறுத்தவரை 'ஸ்ரீ' இரண்டு விதம். ஸ என்ற எழுத்தில் தொடங்குவது ஒன்று. ஶ என்ற எழுத்தில் தொடங்குவது இன்னொன்று. சில கீபோர்டுகள் முதலாவதைப் போடும், சில இரண்டாவதை. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். தேடும் முன் ஒன்றை மற்றொன்றாக மாற்றிவிட்டால் தீர்ந்தது:

```
=SUBSTITUTE(B2,"ஶ்ரீ","ஸ்ரீ")
```

இதுபோக, திருமுட்டம் என்று பழைய பெயரில் எழுதுபவர்கள், 'srimushnam', 'sri mushnam', 'thirumuttam' என்று எழுதுபவர்கள்... எண்ணிப் பார்த்தேன், எங்கள் ஊருக்கு ஏழு ஸ்பெல்லிங்!

74, 69, 52...

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. ஒரே கமென்ட்டில் மூன்று கேள்வி கேட்டவர்களுக்கு மூன்று இடங்களில் கணக்கு வைத்தேன். ஒரே கேள்வியை ஆறு முறை கேட்ட ஒருவரை ஒரு முறைதான் எண்ணினேன். எத்தனை வரி என்பதைவிட எத்தனை பேர் என்பதுதான் முக்கியம். எண்ணி முடித்ததும், பெயர் இருந்த பத்தியையும் போன் நம்பர்களையும் ஷீட்டிலிருந்து அழித்துவிட்டேன். அதற்குப் பிறகு அவை எனக்குத் தேவையில்லை.

மொத்தம் 318 கேள்விகள். நடை எப்போது திறக்கும் என்று 74 பேர். எப்படி வருவது என்று 69 பேர். கோரைக்கிழங்கு உருண்டை பற்றி 52 பேர். மாசி மகம் எங்கே, எப்போது என்று 41 பேர். இது 108 திவ்ய தேசங்களில் எத்தனையாவது என்று 23 பேர். பெருமாள் முகம் ஏன் திரும்பியிருக்கிறது என்று 19 பேர். மீதி 40 கேள்விகள் உதிரி.

எழுபத்து நான்கு பேர்! ஒரு கல்யாண மண்டபத்தில் எழுபத்து நான்கு பேர் எழுந்து நின்று ஒரே கேள்வியைக் கேட்டால் காதில் விழாமல் இருக்குமா? தனித்தனியாக, மாதக்கணக்கில், மூன்று எழுத்து முறைகளில் கேட்டதால் எனக்குக் கேட்கவில்லை.

அந்த 40 உதிரிகளில்தான் வீல்சேர் கேள்வி இருந்தது. கேட்டவர் ஒரே ஒருவர். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அது பட்டியலிலேயே வராது. அதனால், ஷீட்டில் இன்னும் இரண்டு பத்திகள் சேர்த்தேன். ஒன்று, 'பதில் கிடைக்காவிட்டால் அல்லது தப்பாகக் கிடைத்தால் இவருக்கு என்ன நஷ்டம்?' திவ்ய தேசம் பற்றித் தெரியாமல் போனால் யாருக்கும் கால் வலிக்காது. நடை நேரம் தெரியாமல் போனால் ஒரு குடும்பத்துக்கு ஒருநாள் வீண். முதியவரோடு வருபவர்களுக்கு அதைவிட அதிகம். அப்படிப் பார்த்தபோது அந்த ஒற்றைக் கேள்வி இரண்டாவது இடத்துக்கு ஏறிவிட்டது.

இரண்டாவது பத்தி, 'இந்தப் பதில் மாறுமா?' எது வீடியோவுக்கு, எது பின் செய்யும் கமென்ட்டுக்கு என்பதை முடிவு செய்தது இந்தப் பத்திதான்.

மாறாதது வீடியோவுக்கு

வீடியோவை ஒருமுறை ஏற்றிவிட்டால் நடுவில் ஒரு வரியைத் திருத்த முடியாது. ஆகவே, பத்து வருடம் கழித்தும் மாறாத பதில்களைத்தான் அதில் சொல்ல வேண்டும். எனக்கு அப்படி நான்கு கிடைத்தன.

முதலாவது திவ்ய தேசக் கேள்வி. ஸ்ரீமுஷ்ணம் 108 திவ்ய தேசங்களில் ஒன்று அல்ல. ஆழ்வார்கள் பாடிய தலங்கள்தான் அந்தப் பட்டியலில் வரும். ஆனால், பெருமாள் தானாகவே தோன்றியதாகச் சொல்லப்படும் எட்டு சுயம்வியக்த க்ஷேத்திரங்களில் ஸ்ரீமுஷ்ணம் ஒன்று; ஸ்ரீரங்கமும் திருப்பதியும் பத்ரியும் இருக்கும் அதே வரிசை. 23 பேர் கேட்டதற்குக் காரணம் நான்தான். வீடியோவில் 'எட்டில் ஒன்று' என்று வேகமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். எட்டு என்றால் எந்த எட்டு என்று சொல்லவில்லை. அதனால், எல்லோரும் தெரிந்த 108-க்குப் போய்விட்டார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்வி சில சமயம் பார்வையாளரின் சந்தேகம் அல்ல. நம் வீடியோவில் இருக்கும் ஓட்டை.

இரண்டாவது, பெருமாளின் திருமுகம். பூவராகர் உடல் மேற்கு நோக்கி இருக்க, முகம் மட்டும் தெற்கே திரும்பியிருக்கும். இடுப்பில் கை வைத்து நிற்கும் சிறிய திருமேனி. பலர் அதை கேமரா கோணம் என்று நினைத்து, "படம் சரியா எடுக்கலையா?" என்று கேட்டிருந்தார்கள். அது ஒரு வாசலின் மேலிருந்த சித்திரம். கருவறையில் கேமராவுக்கு அனுமதி இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருந்தது.

மூன்றாவது, மாசி மகம். இதில் குழம்பாதவர்களே இல்லை. விருத்தாசலத்தில் விருத்தகிரீஸ்வரர் கோயிலில் மாசி மகம் பெரிய விழா. எங்கள் பெருமாளுக்கும் மாசி மகம் பெரிய விழாதான். ஆனால், தீர்த்தவாரி எங்கள் ஊரில் நடக்காது. பெருமாள் ஊரை விட்டுப் புறப்பட்டு, சிதம்பரம் தாண்டி கிள்ளைக் கடற்கரைக்குப் போவார். அங்கே தர்கா சார்பில் இஸ்லாமியர்கள் அவரை வரவேற்று மரியாதை செய்வார்கள். ஆக, 'மாசி மகத்துக்கு வருகிறேன்' என்று ஸ்ரீமுஷ்ணத்தில் வந்து இறங்கினால், பெருமாள் கடற்கரையில் இருப்பார். 41 பேரின் கேள்வி எவ்வளவு நியாயம் பாருங்கள்.

நான்காவது, அந்த ஒற்றைக் கேள்வி. அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அம்மாவுக்கும் முழங்கால் வலி. வாசலிலிருந்து சன்னதி வரை அம்மா நடக்க நடக்க, எங்கே படி, எங்கே உயரமான நிலைப்படி, எங்கே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, எங்கே உட்காரலாம் என்று வெட்டாமல் ஒரே ஷாட்டாக எடுத்தேன். "வரலாம்", "வர முடியாது" என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. பார்ப்பவர்களுக்குத்தான் தங்கள் அம்மாவின் கால் தெரியும்.

கேள்விகளை என் நடையில் மாற்றாமல், கமென்ட்டில் இருந்தபடியே திரையில் போட்டேன். யூடியூபில் தேடுபவர்களும் அதே சொற்களில்தான் தேடுவார்கள். டிஸ்க்ரிப்ஷனில் நேரக் குறிப்பு கொடுத்து வீடியோவை அத்தியாயங்களாகப் பிரித்தேன். முதல் குறிப்பு 0:00 என்று தொடங்க வேண்டும். குறைந்தது மூன்று குறிப்புகள் வேண்டும். ஒவ்வோர் அத்தியாயமும் பத்து நொடியாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் அத்தியாயம் விழாது. வீல்சேர் பற்றி மட்டும் தெரிய வேண்டியவர் 108 கணக்கைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம் அல்லவா?

மாறுவது பின்னுக்கு

நடை நேரம், பஸ், இந்த வருட மாசி மகத் தேதி ஆகியவை மாறும். மார்கழியில் நேரம் வேறு. கிரகண நாளில் வேறு. மாசி மாத மக நட்சத்திரம் எந்த ஆங்கிலத் தேதியில் வரும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். இவற்றைப் பின் செய்யும் கமென்ட்டில் எழுதினால், மாறும்போது திருத்திக்கொள்ளலாம்.

ஒரு வீடியோவுக்கு ஒரு கமென்ட்டைத்தான் பின் செய்ய முடியும். இரண்டாவதை Pin செய்தால் முதலாவது இறங்கிவிடும். நான் முதலில் எழுதியது இப்படித் தொடங்கியது: "அனைவருக்கும் வணக்கம். உங்கள் அன்புக்கும் ஆதரவுக்கும் மனமார்ந்த நன்றி. பலரும் கேட்ட கேள்விகளுக்கு இதோ பதில்கள்..." பெருமையாகப் பின் செய்துவிட்டுத் தூங்கப் போனேன். அடுத்த வாரமும் "டைமிங் ப்ளீஸ்" வந்துகொண்டே இருந்தது.

என் டெஸ்க் அக்கா, தன் போனில் திறந்து காட்டினார். நீளமான கமென்ட்டில் முதல் சில வரிகள்தான் தெரியும். மீதி Read more என்பதற்குள் மறைந்திருக்கும். "உன் கமென்ட்ல தெரியறது வணக்கமும் நன்றியும்தான்டி. பதில் உள்ள இருக்கு. யார் தட்டிப் பார்ப்பா?" என்றார். இரண்டாவது முறை இப்படி எழுதினேன்:

"மதியம் நடை சாத்தியிருக்கும். காலையில் அல்லது மாலையில் வாருங்கள். ஸ்ரீமுஷ்ணத்துக்கு ரயில் கிடையாது. விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி பஸ். சிதம்பரம் பக்கமிருந்து வந்தால் சேத்தியாத்தோப்பு வழியாக பஸ். மாசி மகத் தீர்த்தவாரி இங்கே அல்ல, கிள்ளைக் கடற்கரையில். முதியவர்களோடு வருபவர்கள் இரண்டாவது வீடியோவில் நடைபாதையைப் பார்த்துவிட்டு வரவும்."

இதற்குக் கீழே சரியான மணிக் கணக்கும், எந்தத் தேதியில் விசாரித்தேன் என்பதும் இருக்கும். இந்தக் கட்டுரையில் மணியை நான் எழுதாததற்கும் அதுதான் காரணம். இங்கே எழுதினால் மாறும்போது யார் வந்து திருத்துவது? தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத பிள்ளைகள் நிறையப் பேர் வெளிநாட்டிலிருந்து பார்க்கிறார்கள். அவர்களுக்காக, முதல் வரியை மட்டும் ஆங்கில எழுத்திலும் ஒருமுறை எழுதினேன்.

அந்த "நாள் முழுக்கத் திறந்திருக்கும்" பதிலை என்ன செய்வது என்று யோசித்தேன். அழித்துவிடலாம். ஆனால், எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. திருவிழா நாளில் வந்து போயிருப்பார் போல. அவருக்குக் கீழேயே, "ஐயா, சாதாரண நாள்களில் மதியம் சாத்திவிடுகிறார்கள், மேலே நேரம் கொடுத்திருக்கிறேன்" என்று எழுதினேன். இரண்டு நாளில் அவரே தன் பதிலைத் திருத்திவிட்டார்.

பதில் சொல்லக் கூடாத கேள்வி

கோரைக்கிழங்கு உருண்டை பற்றிய 52 கேள்விகளைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே! எங்கள் கோயிலின் பிரசாதமே அதுதான். வராகம் கிழங்கைத் தோண்டி உண்பது அல்லவா? கோரைக்கிழங்குப் பொடியில் செய்த இனிப்பைத்தான் பெருமாளுக்குப் படைப்பார்கள். முத்தக்காசு என்று நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கொடுப்பார்களே, அதே கிழங்கு.

52 பேரும் ஒரே கேள்வியைக் கேட்டதாகத்தான் முதலில் ஒரே கூடையில் போட்டேன். மறுபடி படித்தபோதுதான், அதற்குள் மூன்று கூடைகள் இருப்பது தெரிந்தது. 'எங்கே கிடைக்கும்?' என்பது பாதிப் பேர். 'வீட்டில் எப்படிச் செய்வது?' என்பது கொஞ்சம் பேர். 'சுகர் இருக்கு, சாப்பிடலாமா?', 'மாசமா இருக்கேன், சாப்பிடலாமா?', 'குழந்தை காய்ச்சலுக்குக் கொடுக்கலாமா?' என்பது பதினோரு பேர். சொல் ஒன்றாக இருப்பதால் கேள்வியும் ஒன்று என்று நினைத்துவிட்டேன்.

அந்தப் பதினோரு பேருக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. பின் செய்த கமென்ட்டில் எழுதினால் பத்திரிகையே சொன்னது போல ஆகிவிடும். ஆகவே, "உருண்டை இனிப்பு சேர்த்தது. உடல்நிலை சார்ந்த சந்தேகங்களை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று இரண்டு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டேன். அதைச் சொல்லாமல் விட்டாலும் தவறு. காலி இடத்தை நிரப்ப, முப்பது லைக் வாங்கும் யாராவது ஒருவர் வந்துவிடுவார்.

சரியாக வேலை செய்கிறதா?

அதற்கும் ஒரு கணக்கு வைத்தேன். நாள் கணக்கில் எண்ணினால் ஏமாற்றும். வீடியோ ஓடும் வாரத்தில் கேள்வி கூடும், ஓடாத வாரத்தில் குறையும். அதனால், நூறு கமென்ட்டுக்கு எத்தனை பேர் நடை நேரம் கேட்கிறார்கள் என்று பார்த்தேன். முன்பு ஆறு பேர். 'வணக்கம்' வைத்துத் தொடங்கிய முதல் பின்னுக்குப் பிறகும் பெரிய மாற்றம் இல்லை. இரண்டாவது பின்னுக்குப் பிறகு மூன்று பேர். கமென்ட்டுகளைப் பார்க்காமலே எழுதுபவர்கள் எப்போதும் இருப்பார்கள். அந்த மூன்று பேருக்கும் கையால் பதில் எழுதிவிடுகிறேன்.

ஆனால், ஒரு அடி வாங்கினேன். மாசி மகத் தேதியைப் போட்டவள், வருடம் மாறியதும் மாற்ற மறந்துவிட்டேன். "பிப்ரவரி, மார்ச் வாக்கில்" என்று எழுதியிருந்தால் பிழைத்திருக்கும். நான் துல்லியமாகத் தேதி போட்டுவிட்டு, வருடம் போடவில்லை. நல்லவேளை, சேலத்திலிருந்து ஒருவர் வேன் பேசுவதற்கு முன், "இது இந்த வருஷத் தேதிதானே?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு பதிலின் பக்கத்திலும் சரிபார்த்த தேதி இருக்கும். என் போன் காலண்டரில் தை முதல் தேதியில் 'பின்னைப் பார்' என்று அலாரம் இருக்கும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் என்று தொகுத்து வைக்கும் பழக்கம், இணையத்தில் 1980-களிலேயே தொடங்கியது. அமெரிக்காவின் நாசா அமைப்பில் இருந்தவர்கள், விண்வெளி பற்றிப் பேசும் மின்னஞ்சல் குழுவில் புதிதாகச் சேர்பவர்கள் எல்லாம் அதே பழைய கேள்விகளைக் கேட்டதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தார்கள். பதில் சொல்பவர்களின் அலுப்பைத் தீர்க்கப் பிறந்தது அது. எனக்கோ, கேட்டவரின் பக்கம் இருந்த கஷ்டம்தான் அதைக் கற்றுக்கொடுத்தது.

இரண்டாவது வீடியோ வந்ததும் அந்தப் பெண்ணின் கமென்ட்டுக்குக் கீழே லிங்க் கொடுத்து, "அம்மாவை மறுபடி கூட்டி வர முடிந்தால் மாலையில் வாருங்கள்" என்று எழுதினேன். நெடுநாள் பதில் இல்லை. எனக்கும் கேட்கப் பயமாக இருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் வந்தது.

"நேத்து வந்தோம். நாலரைக்கு உள்ள போயிட்டோம். ரெண்டாவது நிலைப்படி உயரம்னு வீடியோல பார்த்ததால, தம்பியையும் கூட்டிட்டு வந்தோம். ரெண்டு பேருமா தூக்கிட்டோம். அம்மா உருண்டை கேட்டாங்க. சுகர் இருக்கு, கொடுக்கல. கொஞ்சூண்டு கிள்ளி நெத்தியில வெச்சுக்கிட்டாங்க."

ஹார்ட் போட்டேன். பிறகு ஷீட்டைத் திறந்து, உதிரிக் கூடையில் இருந்த அந்த ஒரு வரிக்கு நேரே 'பதில் சொல்லியாச்சு' என்று எழுதினேன். மீதி 39 இன்னும் இருக்கின்றன.